காவடி நன்கொடைப் பட்டியல்: கலந்து கிடக்கும் தேதிகளையும் தொகைகளையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது

கேள்வி: வணக்கம் அண்ணா. மொரீஷியஸில் எங்கள் கோயில் காவடி நன்கொடைப் பட்டியல் 400 வரிக்கு மேல் இருக்கிறது. நம் ஊர் ரசீதுப் புத்தகத்தைப் பார்த்துத் தட்டியது, ரீயூனியன் சொந்தங்கள் மின்னஞ்சலில் அனுப்பியது, டர்பன்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியது, கூகுள் படிவத்தில் வந்தது என எல்லாவற்றையும் ஒரே எக்செல் தாளில் ஒட்டிவிட்டேன். தேதி 11/02/2025, 2025/02/09, 11 févr. 2025 என்று பலவிதமாக இருக்கிறது. தொகையும் Rs 1,500.00, 1 250,50 €, R1 500,00 என்று கலந்திருக்கிறது. கூட்டினால் கணக்கு உதைக்கிறது. 2025 மார்ச் கடைசிக்குள் கமிட்டியிடம் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்குவது எப்படி?

பதில்:

வணக்கம் தம்பி. இப்போது திறந்து வைத்திருக்கும் தாளில் எதையும் திருத்தாதீர்கள். முதலில் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். தேதிகள் B நெடுவரிசையில் இருந்தால், பக்கத்தில் ஒரு காலிக் கட்டத்தில் இதைப் போட்டுக் கீழே வரைக்கும் இழுத்துவிடுங்கள்.

```
=ISNUMBER(B2)
```

TRUE வரும் வரிகளில் எக்செல் உங்களைக் கேட்காமலே அதைத் தேதியாக மாற்றிவிட்டது என்று பொருள். FALSE வரும் வரிகளில் நீங்கள் ஒட்டிய எழுத்து அப்படியே இருக்கிறது. இப்போது TRUE வரிகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். அவற்றில் ஒன்றிலாவது நாள் 12ஐத் தாண்டுகிறதா? ஒன்றிலும் தாண்டவில்லை, அதோடு 13/02, 14/02 போன்றவை எல்லாம் FALSE பக்கம் ஒதுங்கியிருக்கின்றன என்றால், உங்கள் கணினி அமெரிக்க முறையில், அதாவது மாதத்தை முதலில் வைத்துப் படித்திருக்கிறது. 11/02/2025 அதற்கு நவம்பர் 2. பதின்மூன்றாவது மாதம் கிடையாது என்பதால் 13/02ஐ மட்டும் எழுத்தாக விட்டுவிட்டது.

கூட்டல் உதைப்பதற்கும் பெரும்பாலும் இதுபோன்ற காரணம்தான் இருக்கும். Rs 1,500.00 எண்ணாக மாறியிருக்கலாம். 1 250,50 € எழுத்தாகவே நின்றிருக்கும். SUM எழுத்தைச் சந்தித்தால் பிழை காட்டாது. பேசாமல் தாண்டிப் போய்விடும். அதனால் மொத்தம் குறைவாக வரும், ஏன் குறைகிறது என்று தாளைப் பார்த்தால் தெரியாது.

ஆகவே புதுத் தாள் ஒன்று திறந்து, தேதிக்கான B, தொகைக்கான C ஆகிய இரண்டு நெடுவரிசைகளை மட்டும் தேர்ந்தெடுத்து, வடிவத்தை Text என்று மாற்றிவிட்டு, மூலச் செய்திகளிலிருந்து மறுபடி ஒட்டுங்கள். ஒட்டும்போது வெறும் எழுத்தாக ஒட்டும் தேர்வையே எடுங்கள். அரை மணி நேரம் போகும், ஆனால் அந்த அரை மணியை மிச்சம் பிடிக்க வேண்டாம். கணினி ஏற்கெனவே மாற்றிவிட்ட தேதியை முன்னும் பின்னுமாகப் புரட்டிச் சரிசெய்யவும் ஒரு வழி உண்டு:

```
=DATE(YEAR(B2),DAY(B2),MONTH(B2))
```

மூலச் செய்தி அழிந்துபோன வரிகளுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். இதே ஃபார்முலாவை இரண்டு தரம் ஓட்டினால் தேதி பழைய தவறுக்கே திரும்பிவிடும். எந்த வரியைப் புரட்டினோம், எதைப் புரட்டவில்லை என்று நடுவில் மறந்துவிட்டால், அதைத் தாளை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

சரி, ஒட்டியாயிற்று. தாளில் முதல் நெடுவரிசையை (A) இந்த வரி எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒதுக்குங்கள். நம் ஊருக்கு MU, ரீயூனியனுக்கு RE, டர்பனுக்கு ZA, கூகுள் படிவத்துக்கு FO. B-இல் தேதி, C-இல் தொகை, இரண்டும் வந்தபடியே இருக்கட்டும். D-இல் ரசீது எண். B, C இரண்டையும் கடைசிவரை தொடவே கூடாது. திருத்தங்கள் எல்லாம் வலப்புறத்தில்தான்.

முதல் நெடுவரிசையை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. தொகை தன்னைத்தானே விளக்கிக்கொள்ளும், தேதி விளக்கிக்கொள்ளாது. நம் ரூபாய், யூரோ, ராண்ட் மூன்றிலும் நூறு சதம் ஒரு முழுப்பணம். ஆகவே சதம் எழுதினால் இரண்டு இலக்கம்தான் எழுதுவார்கள். ஒரு தொகையின் கடைசியிலிருந்து மூன்றாவது எழுத்து புள்ளியாகவோ காற்புள்ளியாகவோ இருந்தால் அதுதான் தசமக் குறி. அங்கே இல்லாமல் வேறெங்கே இருந்தாலும் அது ஆயிரத்தைப் பிரிக்கப் போட்ட குறி. 1,500.00, 1.500,00, 1 500,00 மூன்றும் ஆயிரத்து ஐந்நூறு. 1,500, 1.500 இரண்டும் அதேதான். எழுதியவர் எந்த ஊர் என்று தெரியாமலே இதைச் சொல்லிவிடலாம்.

ஊரை வைத்து முடிவு செய்யப் போனால் தொகையில் தவறுதான் வரும். தென்னாப்பிரிக்காவுக்கான விண்டோஸ் அமைப்பில் தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்துக்கு இடைவெளி. ஆனால் டர்பனில் கையால் எழுதுகிறவர்கள் R1,500 என்றும் R1500.00 என்றும் எழுதுவார்கள். 'டர்பன் என்றால் காற்புள்ளி தசமம்' என்று விதி வைத்தால் R1,500 ஒன்றரை ராண்டாகிவிடும்.

நான் இதைப் பட்டுத்தான் கற்றேன். பல வருடங்களுக்கு முன் ஒரு கோயிலுக்கு இந்தக் கணக்கைப் பார்த்துக் கொடுத்தேன். ரீயூனியனில் இருந்து ஒரு பாட்டி 1.250 € அனுப்பியிருந்தார். ஆயிரத்து இருநூற்றைம்பது யூரோ. நான் குறியை மட்டும் எடுத்துவிட்டு மீதியைக் கணினியிடம் விட்டேன். அது 1.25 என்று படித்தது. அச்சிட்ட ரசீது ஒன்றே கால் யூரோவுக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு மன்னிப்புக் கேட்டுப் புது ரசீது அனுப்பினோம். ஆனால் அந்த முதல் ரசீதைப் பிரித்துப் பார்த்தபோது அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பது இன்றும் எனக்கு நெருடுகிறது. அந்தச் சீட்டை நம் மக்கள் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துக் காப்பாற்றுகிறவர்கள்.

அதனால் கணினியின் ஊர் அமைப்பை நம்பாத ஃபார்முலாக்களைத் தருகிறேன். E-இல் இடைவெளிகளை அகற்றிப் பெரிய எழுத்தாக்குவது:

```
=SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(UPPER(C2),UNICHAR(160),""),UNICHAR(8239),"")," ","")
```

160, 8239 என்ற இரண்டும் என்ன என்று கேட்பீர்கள். பிரெஞ்சு முறையில் 1 250,50 € என்று எழுதும்போது நடுவில் வருவது பல சமயம் நாம் தட்டும் சாதாரண இடைவெளி அல்ல. வரி மடங்கும்போது எண் இரண்டாக உடையக் கூடாது என்பதற்கான உடையா இடைவெளி அது. அதில் இரண்டு வகை, அகலமானது 160, ஒல்லியானது 8239. கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். சாதாரண இடைவெளியைத் தேடி அழித்தால் இவை அசையாது. TRIM-உம் இவற்றைத் தொடாது. ரீயூனியன் வரிகள் மட்டும் என்ன செய்தாலும் எண்ணாக மாற மறுக்கின்றன என்று பலர் தவிப்பது இதனால்தான்.

F-இல் நாணயம்:

```
=IF(LEFT(E2,2)="RS","MUR",IF(OR(LEFT(E2,1)="€",RIGHT(E2,1)="€"),"EUR",IF(LEFT(E2,1)="R","ZAR","?")))
```

இதில் வரிசை முக்கியம். RS-ஐ முதலில் பார்த்துவிட்டுத்தான் R-க்கு வர வேண்டும். மாறினால் நம் ரூபாய் முழுவதும் ராண்டாகிவிடும். குறி எங்கே இருந்தாலும் தேடும் SEARCH-ஐயும் இங்கே வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். EUR, MUR, roupies எல்லாவற்றிலும் R ஒளிந்திருக்கிறது. விளிம்பில் மட்டும் பார்த்தால் '500 roupies' என்பது கேள்விக்குறியாக வந்து நிற்கும். நீங்கள் கண்ணால் பார்த்து முடிவு செய்யலாம்.

G-இல் குறியை உரித்த எண்:

```
=SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(E2,"RS.",""),"RS",""),"€",""),"R","")
```

H-இல் தொகை:

```
=VALUE(SUBSTITUTE(SUBSTITUTE(G2,".",""),",",""))/IF(OR(LEFT(RIGHT(G2,3),1)=".",LEFT(RIGHT(G2,3),1)=","),100,1)
```

எல்லாப் புள்ளியையும் காற்புள்ளியையும் அகற்றிவிட்டு வெறும் இலக்கமாக்குகிறோம். கடைசியிலிருந்து மூன்றாவது எழுத்து குறியாக இருந்திருந்தால் நூறால் வகுக்கிறோம். வெறும் இலக்கத்தைப் படிப்பதில் ஊருக்கு ஊர் வித்தியாசம் இல்லை. அதனால் ஆங்கில அமைப்புள்ள கணினியிலும் பிரெஞ்சு அமைப்புள்ள கணினியிலும் ஒரே விடைதான். பிரெஞ்சு அமைப்பு என்றால் ஃபார்முலாவுக்குள் பிரிக்கும் காற்புள்ளிகளை மட்டும் அரைப்புள்ளியாக மாற்ற வேண்டும். மேற்கோளுக்குள் இருக்கும் காற்புள்ளியைத் தொடாதீர்கள். எக்செலே பிரெஞ்சு மொழியில் இருந்தால் ஃபார்முலா பெயர்களும் பிரெஞ்சில் இருக்கும்.

G-இல் RS. என்று புள்ளியோடு ஒரு தனிப் பதிவு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் பாருங்கள். Rs.500 என்பதில் RS போய் .500 மிஞ்சும். மூன்றாவது எழுத்து 5, ஆகவே விடை 500, சரி. ஆனால் Rs.50-இல் .50 மிஞ்சும். மூன்றாவது எழுத்து புள்ளி. விடை அரை ரூபாய். ஐந்நூறு கொடுத்தவர் தப்பினார், ஐம்பது கொடுத்தவர் தொலைந்தார். பிழைச் செய்தி எதுவும் வராது. ஆகவே H முடிந்ததும் ஒவ்வொரு நாணயத்திலும் மிகச் சிறிய பத்துத் தொகைகளையும் மிகப் பெரிய பத்துத் தொகைகளையும் வரிசைப்படுத்திப் பார்த்துவிடுங்கள். தசமக் குறி இடம் மாறினால் தொகை நூறு மடங்கோ ஆயிரம் மடங்கோ மாறும். அது வரிசையின் இரண்டு முனைகளில்தான் போய் உட்காரும், நடுவில் ஒளிய முடியாது.

இன்னொரு மௌனமான தவறு, ஒரே ஒரு சத இலக்கம் எழுதுவது. 12,5 € என்று எழுதினால் மேற்கண்ட ஃபார்முலா 125 என்று தந்துவிடும். I-இல் இதைப் போட்டு, குறி வந்த வரிகளைக் கையால் பாருங்கள்.

```
=IF(OR(LEFT(RIGHT(G2,2),1)=".",LEFT(RIGHT(G2,2),1)=","),"பார்","")
```

மற்றபடி 1,500/- என்று இந்திய வழக்கில் எழுதியது, 500EUR என்று எழுதியது எல்லாம் H-இல் #VALUE! என்று தானாகவே கத்தும். கத்துகிற வரியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அதைத் திருத்திவிடலாம்.

இனித் தேதி. இங்கேதான் முழுக் கவனமும் வேண்டும். ஆண்டின் 365 நாட்களில் 132 நாட்களை முன்னும் பின்னும் புரட்டினாலும் வேறொரு உண்மையான தேதி கிடைக்கும். நாள் 12க்குள் இருக்கும் தேதிகள் மாதத்துக்குப் பன்னிரண்டாக 144. அவற்றில் 1/1, 2/2 போலப் புரட்டினாலும் மாறாதவை 12. அதைக் கழித்தால் 132. மற்ற பட்டியல்களில் மூன்றில் ஒரு பங்கு வரிதான் சந்தேகத்துக்குரியது, மீதியை வைத்து முறையைக் கண்டுபிடித்துவிடலாம். நம் காவடிப் பட்டியலில் அந்த வசதி இல்லை. 2025இல் தைப்பூசக் காவடி பிப்ரவரி 11. அதற்கு முந்தைய பத்து நாள் விரதத்தில்தான் நன்கொடை குவிந்தது. அந்த நாட்கள் முழுவதும் 12க்குள் அடங்கிவிட்டன. பணம் அதிகம் வந்த வரிகள் அத்தனையும் சந்தேக வரிகள்.

செய்ய வேண்டியது இதுதான். B-ஐ நகலெடுத்து J-இல் போடுங்கள். வலப்புறம் மூன்று நெடுவரிசை காலியாக இருக்கட்டும். ரீயூனியன் வரிகளில் உள்ள பிரெஞ்சு மாதப் பெயர்களைத் தேடி மாற்றும் வசதியால் எண்ணாக்குங்கள். ' février ' என்பதை '/02/' என்று இருபுற இடைவெளியோடு சேர்த்து மாற்றினால் 11/02/2025 கிடைக்கும். நீளமான வடிவை முதலில் மாற்றுங்கள், பிறகு févr., பிறகு fév. மாதப் பெயரை மூன்று எழுத்தாக வெட்டும் குறுக்குவழி பிரெஞ்சில் உதவாது. juin ஜூன், juillet ஜூலை. வெட்டினால் இரண்டும் jui ஆகிவிடும்.

பிறகு J முழுவதையும் தேர்ந்தெடுத்து Data பட்டியலில் Text to Columns போய், சாய்கோட்டையும் இடைவெளியையும் பிரிப்பானாகக் கொடுத்து உடையுங்கள். J, K, L மூன்றிலும் மூன்று எண்கள் வரும். கூகுள் படிவத்தின் நேரம் M-இல் ஒதுங்கிவிடும். இப்படி உடைத்து வைத்தால் தேதியாக மாறுவதற்கு முன்பே அதன் உறுப்புகளை நாம் பார்க்கலாம். எக்செல் தனக்குத் தோன்றியபடி முடிவெடுக்க இடம் இருக்காது.

இப்போது A-இல் வடிகட்டி, ஒவ்வொரு மூலமாக J-ஐயும் K-ஐயும் பாருங்கள். ஒன்றில் 12ஐத் தாண்டிய எண் இருந்தால் அது நாள், பேச்சு முடிந்தது. இல்லையென்றால் எந்த நெடுவரிசை அசையாமல் நிற்கிறது என்று பாருங்கள். நன்கொடை ஜனவரியிலும் பிப்ரவரியிலும் வந்தது. ஆகவே மாத நெடுவரிசையில் 1, 2 தவிர வேறு எண் வராது. நாள் நெடுவரிசையில் 3, 5, 8, 9, 11 என்று எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். நம் ஊர் வரிகளில் K நிற்கும், J ஓடும். கூகுள் படிவ வரிகளில் பெரும்பாலும் J நிற்கும், K ஓடும். விடைத்தாளின் ஊர் அமைப்பு அமெரிக்காவாக இருந்தால் படிவம் நேர முத்திரையை மாதம் முதலாக எழுதுகிறது. எல்லா எண்ணும் 12க்குள் இருந்தாலும் இந்த அடையாளம் கைகொடுக்கும். ஆனால் ஒரே மூலத்தின் வரிகளைத் தனியாகப் பார்த்தால்தான். எல்லா மூலத்தையும் கலந்து பார்த்தால் இரண்டு நெடுவரிசையும் ஓடுவதுபோல் தெரியும், ஒன்றும் புலப்படாது. A நெடுவரிசையை வற்புறுத்தியது இதற்காகத்தான்.

டர்பன் வரிகளில் முதல் எண் நான்கு இலக்கமாக இருந்தால் அது ஆண்டு, அடுத்தது மாதம், பிறகு நாள். சிலர் கையால் 08/02/2025 என்று எழுதியிருப்பார்கள், அது நம்மைப் போலவே நாள் முதலானது. இரண்டையும் முதல் எண்ணே பிரித்துக் காட்டிவிடும். N-இல் இதைப் போடுங்கள்:

```
=IF(J2>31,DATE(J2,K2,L2),IF(A2="FO",DATE(L2,J2,K2),DATE(IF(L2<100,L2+2000,L2),K2,J2)))
```

100க்குக் குறைவான ஆண்டுக்கு 2000 கூட்டுவது ஏன் என்றால், 5/2/25 என்று எழுதியதை எக்செலின் DATE 1925 என்று எடுத்துக்கொள்ளும். DATE-இன் இன்னொரு குணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மாதமாக 25ஐக் கொடுத்தால் அது மறுக்காது. அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு உருண்டு போய் 2027 ஜனவரி என்று ஒரு தேதியைத் தந்துவிடும். ஆகவே N முடிந்ததும் மிகப் பழைய தேதியையும் மிகப் புதிய தேதியையும் பார்த்துவிடுங்கள்.

உங்கள் பட்டியலில் வரக்கூடிய ஏழு வரிகளை வைத்து முழுதாகச் செய்து காட்டுகிறேன்.

```
MU   11/02/2025      Rs 1,500.00
MU   5/2/25          Rs.50
RE   11 févr. 2025   1 250,50 €
RE   03/02/2025      75 €
ZA   2025/02/09      R1 500,00
ZA   08/02/2025      R1,500
FO   2/9/2025        Rs 2,000
```

இவை இப்படி வெளியே வரும்:

```
2025-02-11   1500.00   MUR
2025-02-05     50.00   MUR
2025-02-11   1250.50   EUR
2025-02-03     75.00   EUR
2025-02-09   1500.00   ZAR
2025-02-08   1500.00   ZAR
2025-02-09   2000.00   MUR
```

தேதி ஆண்டு-மாதம்-நாள். இந்த வடிவை எந்த ஊர்க்காரரும் தவறாகப் படிக்க வழியில்லை, எழுத்தாக வரிசைப்படுத்தினாலும் சரியாக வரும். தொகை வெறும் எண், குறி இல்லை. நாணயம் மூன்றெழுத்துக் குறியாகத் தனி நெடுவரிசையில். Rs என்று விட்டால் இந்திய ரூபாயா இலங்கை ரூபாயா நம்முடையதா என்று பின்னால் படிக்கிறவருக்குத் தெரியாது. MUR என்றால் மொரீஷியஸ் ரூபாய் மட்டும்தான்.

இந்த மூன்றையும் ஒரே மொத்தமாகக் கூட்டாதீர்கள். இந்த ஏழு வரியில் 3550 ரூபாய், 1325.50 யூரோ, 3000 ராண்ட் என்று மூன்று மொத்தம் வரும். SUMIFS கொண்டு நாணயவாரியாக எடுங்கள். எல்லாவற்றையும் ரூபாயாக்குவது வேறு வேலை. எந்த நாளின் மாற்று விகிதம், வங்கி எவ்வளவு பிடித்துக்கொண்டது என்பதையெல்லாம் கமிட்டியும் பொருளாளரும் முடிவு செய்ய வேண்டும். மாற்றிய தொகை வேண்டுமானால் தனி நெடுவரிசையில் பக்கத்தில் எழுதுங்கள், H-இன் மேல் எழுதாதீர்கள். எப்போதாவது ரீயூனியனின் 2002க்கு முந்தைய பழைய பதிவேட்டைச் சேர்க்க நேர்ந்து, அதில் F என்று பிராங்க் தொகை இருந்தால், அதற்கு மட்டும் விகிதம் நிலையானது. 6.55957 பிராங்க் ஒரு யூரோ.

கமிட்டியிடம் கொடுப்பதற்கு முன் மூன்று சோதனை. முதலாவது, ரசீதுப் புத்தகம் ஒவ்வொன்றையும் D-இன்படி வரிசைப்படுத்தி N-ஐப் பாருங்கள். ரசீது எண் ஏறும்போது தேதி பின்னால் போகக் கூடாது. போனால் அந்த வரி புரண்டிருக்கிறது. தேதியைப் பற்றி நமக்கு இருக்கும் ஒரே நேர்மையான வெளிச்சாட்சி அந்த அச்சிட்ட எண்தான். இரண்டாவது, 2025 மார்ச் கடைசியைத் தாண்டியவற்றை வடிகட்டுங்கள். காவடியன்று கொடுத்தது புரண்டால் 2 நவம்பர் 2025 ஆகும். மார்ச்சில் கொடுக்கும் பட்டியலில் அப்படி ஒரு நாள் வரவே முடியாது, உடனே கண்ணில் படும். மூன்றாவது, மூலமும் நாணயமும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று எண்ணுங்கள். MU-வில் ZAR இருந்தால் யாரோ Rs-இல் s-ஐ விட்டுவிட்டு R500 என்று எழுதியிருக்கலாம், அல்லது காவடிக்கு வந்த டர்பன் குடும்பம் உண்மையாகவே ராண்டைக் கையில் கொடுத்திருக்கலாம். இதைத் தாளை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். ரசீது எழுதியவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

கொடுக்கும்போது N-ஐ எழுத்தாக மாற்றிக் கொடுங்கள். இல்லையென்றால் பெறுகிறவரின் கணினி தன் ஊர் வடிவில் மறுபடி காட்டும்.

```
=TEXT(N2,"yyyy-mm-dd")
```

ரீயூனியனில் பிரெஞ்சு எக்செல் வைத்திருப்பவர் இதையே செய்தால் மேற்கோளுக்குள் aaaa-mm-jj என்று எழுத வேண்டும், y என்பதை அது ஆண்டாக எடுத்துக்கொள்ளாது.

அப்புறம், அடுத்த ஆண்டைப் பற்றி இப்போதே ஒன்று சொல்லிவிடுகிறேன். 2026இல் காவடி பிப்ரவரி 1. 01/02/2026 புரண்டால் 2 ஜனவரி 2026. அதுவும் நன்கொடை வந்துகொண்டிருக்கும் காலம்தான். எதிர்காலத் தேதிச் சோதனை அதைப் பிடிக்காது. காவடி நாளில் வந்த பணம் ஜனவரிக் கணக்கில் ஏறி உட்கார்ந்திருக்கும், பார்த்தால் இயல்பாகவே தெரியும். ஆகவே டிசம்பரிலேயே கூகுள் படிவத்தின் விடைத்தாளில் ஊர் அமைப்பை மாற்றிவிடுங்கள். ரீயூனியன், டர்பன் பொறுப்பாளர்களிடம் மாதத்தை எண்ணாக எழுதாமல் பெயராக எழுதச் சொல்லுங்கள். பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ தமிழிலோ எழுதட்டும், பெயராக இருந்தால் போதும்.